நாலு பாஸ்புக்கும் ஒரே மாதிரி இருக்கே, அம்மாச்சி?

கேள்வி:

எனக்கு 67 வயது. திருமங்கலம் பக்கம் ஒரு ஊர். 2005 ஜூனில் தபால் ஆபீஸில் மாதம் 500 ரூபாய் ஆர்.டி. ஆரம்பித்தேன். ஐந்து வருஷம் முடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு, மறுவாரமே புதுசாக இன்னொன்று போடுவேன். இப்படி நாலு பாஸ்புக். முதல் பணம் மகளுக்குத் தோடு வாங்கினேன், ரெண்டாவது அடுப்படிக்குத் தளம் போட்டேன், மூணாவது வீட்டுக்காரர் கண் ஆபரேஷனுக்குப் போனது. நாலாவது 2025 ஜூனில் முடிந்தது, இன்னும் எடுக்கவில்லை.

லீவுக்கு வந்த மகள் வயிற்றுப் பேத்தியிடம் (12 வயது) நாலையும் தரையில் வரிசையாக வைத்து, "சின்னக் காசு எப்படி வளருது பாரு" என்று காட்டினேன். 36,445, 36,445, 37,300 சொச்சம், 34,800 சொச்சம். பார்த்துவிட்டு, "நாலும் ஒரே மாதிரி இருக்கே அம்மாச்சி, வளருதுன்னா நாலாவதுதானே பெருசா இருக்கணும்?" என்றாள். புதுசாகப் போட்டால் 6.7 சதவீத வட்டியில் 35,683 வரும் என்று ஏஜெண்ட் அம்மா சொன்னதையும் கணக்குப் போட்டுப் பார்த்து, "30,000-க்கு வருஷம் 2,010 வட்டி, அஞ்சு வருஷத்துக்கு 10,050 வரணுமே, ஏன் 5,683 தான்?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போஸ்ட் ஆபீஸில் போட்டால் பத்து வருஷத்தில் ரெட்டிப்பு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

முடிந்த கணக்கை அப்படியே ஐந்து வருஷம் நீட்டிக்கலாமா? பேத்தி பெயரில் நானே கார்டியனாக இருந்து ஒன்று போடலாமா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம் அம்மா. பேத்தி கேட்ட ரெண்டுமே சரியான கேள்விதான். ரெண்டாவதில் இருந்து வருகிறேன், ஏனென்றால் அது பிடிபட்டால்தான் நாலு பாஸ்புக் விஷயம் புரியும்.

ஏன் 10,050 இல்லை, 5,683 தான்

அவள் போட்ட பெருக்கலில் தப்பில்லை. ஆனால் 30,000 ரூபாயை முதல் நாளே மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி கணக்குப் போட்டிருக்கிறாள். நீங்கள் கொடுப்பது மாதம் 500. முதல் 500 மட்டும்தான் முழுசாக 60 மாதம் உள்ளே இருக்கிறது. ரெண்டாவது மாதம் கட்டியது 59 மாதம், அதற்கடுத்தது 58, இப்படியே இறங்கி, கடைசித் தவணை ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது. 60, 59, 58 என்று ஒன்று வரை கூட்டச் சொல்லுங்கள், 1,830 வரும். பள்ளிக்கூடத்தில் 60-ஐ 61-ஆல் பெருக்கிப் பாதியாக்கும் வழி சொல்லிக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் போட்டுவிடுவாள்.

சரி, 500 ரூபாய்க்கு 6.7 சதவீதத்தில் ஒரு மாத வட்டி எவ்வளவு? வருஷத்துக்கு 33 ரூபாய் 50 பைசா, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 2 ரூபாய் 79 பைசா சொச்சம். அதை 1,830-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5,109 ரூபாய். தபால் ஆபீஸ் தருவது 5,683. அந்த 574 ரூபாய் வித்தியாசம்தான் வட்டிக்கு வந்த வட்டி, அதாவது மூணு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதால் வருவது. ஆக யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு 500 ரூபாயும் சராசரியாக ரெண்டரை வருஷம்தான் உள்ளே இருக்கிறது, அதனால் அவள் எதிர்பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, அவ்வளவுதான்.

அந்த 574-ஐ இன்னொரு தடவை பாருங்கள். ஐந்து வருஷம் மாதாமாதம் கட்டி, கூட்டு வட்டியால் மட்டும் கிடைத்தது 574 ரூபாய். கூட்டு வட்டி என்று எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். ஐந்து வருஷ ஆர்.டி.யில் அது இருக்கிற இடமே தெரியாது. சாதாரண வட்டியாகப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே தொகைதான் வந்திருக்கும். அதன் வேலை தெரிய வேண்டுமென்றால் பணம் ஐந்து வருஷத்தைத் தாண்டி உள்ளேயே இருக்க வேண்டும்.

பத்து வருஷத்தில் ரெட்டிப்பு என்று நீங்கள் கேள்விப்பட்டது, மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுவிட்டுத் தொடாமல் விடுகிறவர்களுக்கான கணக்கு. கிசான் விகாஸ் பத்திரம் அப்படித்தான், இப்போதைய 7.5 சதவீத வட்டிக்கு 115 மாதத்தில் ரெட்டிப்பு. மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி.க்கு அது பொருந்தாது. மாதம் 500 வீதம் பத்து வருஷம் விடாமல் கட்டினால் கட்டியது 60,000, கைக்கு வருவது 85,427. அதனால் ரெட்டிப்பு என்று பேத்தியிடம் சொல்லிவிடாதீர்கள், அவள் கணக்குப் போட்டுக் கேட்பாள்!

நாலு பாஸ்புக்கும் ஏன் ஒரே உயரம்

நீங்கள் இருபது வருஷம் கட்டியிருக்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பணம் எந்த இடத்திலும் இருபது வருஷம் இருக்கவில்லை. ஐந்து வருஷம் இருந்தது, வெளியே வந்தது, அடுத்தது மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கியது. நாலு தடவை ஐந்து வருஷம். அதனால்தான் நாலும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. இருக்கிற சின்ன வித்தியாசங்கள்கூட வளர்ச்சியால் வந்தவை அல்ல, அந்தந்த வருஷத்து வட்டி விகிதம். 2005-லும் 2010-லும் நீங்கள் தொடங்கியபோது 7.5 சதவீதம், 2015-ல் 8.4, 2020 ஜூனில் 5.8. மூணாவது கொஞ்சம் கூட வந்ததும் நாலாவது குறைந்ததும் அதனால்தான்.

இதை அவளுக்கு எப்படிக் காட்டலாம் என்று சொல்கிறேன். ஒரு டப்பாவில் புளியங்கொட்டை, இன்னொன்றில் மொச்சைக்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை என்றால் ஆயிரம் ரூபாய். நீங்கள் கையில் இருந்து கட்டிய காசுக்குப் புளியங்கொட்டை, வட்டியாக வந்ததற்கு மொச்சை. ஐந்து வருஷத்துக்கு ஒரு வரிசை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இருபது வருஷமும் 6.7 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஐந்து வருஷமும் முடிகிறபோது வந்த மொத்தத்தையும் எடுக்காமல் அதே வட்டிக்கு அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் மாதம் 500 கட்டிக்கொண்டே போனால்:

முதல் ஐந்து வருஷம்: கட்டியது 30,000, வட்டி 5,683
இரண்டாவது ஐந்து: கட்டியது 30,000, வட்டி 19,744
மூன்றாவது ஐந்து: கட்டியது 30,000, வட்டி 39,347
நாலாவது ஐந்து: கட்டியது 30,000, வட்டி 66,675

கட்டியது எல்லாம் சேர்த்து 1,20,000, கடைசியில் இருப்பது ஏறக்குறைய 2,51,450. புளியங்கொட்டை வரிசைக்கு வரிசை முப்பதுதான், மாறாது. மொச்சை முதல் வரிசையில் ஆறு, அப்புறம் இருபது, அப்புறம் முப்பத்தொன்பது, கடைசியில் அறுபத்தேழு. மூணாவது வரிசையில் மொச்சை புளியங்கொட்டையை முந்துகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, "இந்த அஞ்சு வருஷத்துல நான் கட்டினதைவிட வட்டி ஜாஸ்தி" என்று காட்டுங்கள். அவள் கேட்ட வளர்ச்சி அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ரெண்டாவது வரிசையில் 5,683 திடீரென்று 19,744 ஆனது எப்படி என்று கண்டிப்பாகக் கேட்பாள். அதைப் பிரித்துக் காட்டலாம். புதுசாகக் கட்டிய 30,000-க்கு அதே 5,683 தான் வந்தது, அதில் மாற்றமே இல்லை. மீதி 14,061 ரூபாய், ஏற்கெனவே உள்ளே இருந்த 35,683 ஐந்து வருஷம் சும்மா கிடந்து சம்பாதித்தது. அந்தப் பழைய பணம் இப்போது மொத்தமாக, முதல் நாளில் இருந்தே உள்ளே இருக்கிறது இல்லையா, அவள் முதலில் தப்பாகப் போட்ட கணக்கு இங்கே ஏறக்குறைய சரியாகிவிடும். 35,683-க்கு வருஷம் 6.7 சதவீதம் என்று ஐந்து வருஷத்துக்குப் போட்டால் 11,954, அதற்கு மேலே வட்டிக்கு வட்டியாக ரெண்டாயிரத்துச் சொச்சம். முதல் ஐந்து வருஷத்தில் 574 ஆக இருந்தது இங்கே பழைய பணத்தில் மட்டும் இவ்வளவாகிவிட்டது.

நாலு தடவை எடுத்து எடுத்துப் போட்டால் இதே 6.7 சதவீதத்தில் மொத்தம் 1,42,732. எடுக்காமல் விட்டால் 2,51,450. ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். தோடும் அடுப்படியும் கண் ஆபரேஷனும் வட்டிக்குக் கடன் வாங்காமல் நடந்திருக்கின்றன, அந்தப் பணம் அதற்காகச் சேர்த்த பணம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய செலவுக்கு ஆர்.டி. சரியான இடம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு இருபது வருஷ வளர்ச்சியைக் காட்ட முடியாது. பேத்தி கண்டுபிடித்தது அதைத்தான்.

இன்னொன்றையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இருபது வருஷம் கழித்து வருகிற ரெண்டரை லட்சம் இன்றைய ரெண்டரை லட்சம் இல்லை. ரிசர்வ் வங்கி விலைவாசி உயர்வுக்கு வைத்திருக்கிற இலக்கு வருஷத்துக்கு 4 சதவீதம். அந்த அளவிலேயே விலை ஏறினாலும், அன்றைய ரெண்டரை லட்சத்தை வைத்து இன்று சுமார் 1,15,000 ரூபாய்க்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்க முடியும். 2005-ல் உங்களுக்கு 500 ரூபாய் எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 2025-ல் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இருபது வருஷமும் அதே 500-ல் நின்றதுதான், என்னைக் கேட்டால், பணத்தை எடுத்ததைவிடப் பெரிய இழப்பு. ஒவ்வொரு புதுக் கணக்கு தொடங்கும்போதும் தவணையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். இனிமேல் ஏற்றலாம்.

கையில் இருக்கிற 34,800: நீட்டிக்காதீர்கள்

தபால் ஆபீஸ் ஆர்.டி.யை முடிந்த பிறகு விண்ணப்பம் கொடுத்து இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நீட்டிக்கிற காலத்துக்கும் கணக்கு முதலில் தொடங்கிய அன்றைய வட்டிதான். உங்களுடையது 2020 ஜூன் கணக்கு, 5.8 சதவீதம். நீட்டித்தால் 2030 வரை அதே 5.8. இதை எழுதும்போது புதுக் கணக்குக்கு 6.7 கொடுக்கிறார்கள். தெரிந்தே ஏன் குறைந்த வட்டியில் உட்கார வேண்டும்? முடித்துவிட்டுப் புதுசு தொடங்குங்கள்.

இதே விதி உங்களுக்குச் சாதகமாக இருந்த ஒரு சமயமும் உண்டு. 2020 ஜூனில் உங்கள் மூணாவது கணக்கு முடிந்தபோது அது 8.4 சதவீதக் கணக்கு, வெளியே புதுக் கணக்குக்கு 5.8 தான். அன்றைக்குக் கண் ஆபரேஷன் இல்லாமல் இருந்து அதை நீட்டித்திருந்தால், 2025 வரை 8.4 சதவீதமே ஓடியிருக்கும், கிட்டத்தட்ட 93,900 ரூபாய் வந்திருக்கும். ஆகவே கணக்கு முடிகிற அன்று கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் பழைய வட்டி கூடவா, இன்றைய வட்டி கூடவா? பழையது கூட என்றால் நீட்டிக்கலாம், இன்றையது கூட என்றால் முடித்துவிட்டுப் புதுசு.

சரி, எடுத்த 34,800-ஐ என்ன செய்வது? அது இந்தப் பேத்திக்காக வளர வேண்டும் என்றால் தேசிய சேமிப்புப் பத்திரம், என்.எஸ்.சி. என்பார்களே, அது நல்ல இடம். இப்போது 7.7 சதவீதம், ஐந்து வருஷம், வட்டியை இடையில் கையில் தராமல் உள்ளேயே சேர்த்துக்கொண்டு போவார்கள். 34,800 போட்டால் முடிவில் சுமார் 50,400. தபால் ஆபீஸிலேயே ஐந்து வருஷ டைம் டெபாசிட் 7.5 சதவீதத்துக்கு இருக்கிறது, ஆனால் அதில் வருஷா வருஷம் வட்டி உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும், நீங்கள் எடுக்காமல் விட்டாலும் டெபாசிட்டோடு சேராது. ரெண்டுக்கும் வட்டி ஏறக்குறைய ஒன்றுதானே என்று நினைத்து டைம் டெபாசிட்டில் போட்டுவிட்டு, ஐந்து வருஷம் கழித்து அசல் மட்டும் திரும்பி வந்திருக்கிறதே என்று கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீதம், உங்கள் வயதுக்குக் கிடைக்கும், ஆனால் அது மூணு மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கையில் கொடுக்கிற திட்டம். மாதச் செலவுக்கு உதவும். வளர்த்துக் காட்ட ஏற்றதல்ல.

என்.எஸ்.சி.யில் ஒரு சங்கடம், ஐந்து வருஷத்துக்கு முன்னால் வெளியே எடுக்க முடியாது, இறப்பு அல்லது நீதிமன்ற உத்தரவு மாதிரி ஒரு சில காரணங்கள் தவிர. உங்கள் வயதில் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் சேமிப்புக் கணக்கில் இல்லையென்றால், இந்த 34,800 முழுவதையும் அதில் பூட்ட வேண்டாம். பாதி போடுங்கள், மீதி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வட்டி கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

பேத்தி பெயரில் போடுவது

இங்கே ஒரு திருத்தம். அப்பா அம்மா இருக்கும்போது பாட்டி கார்டியனாக இருக்க முடியாது, நீதிமன்றம் நியமித்திருந்தால் ஒழிய. செல்வமகள் திட்டத்தில் தாத்தா பாட்டிகள் கார்டியனாக இருந்து தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024-ல் நிதி அமைச்சகம் சொன்னதே இதனால்தான். அந்தத் திட்டம் உங்கள் பேத்திக்கு எப்படியும் கிடையாது, பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் அவளுக்கு 12 வயது ஆகிவிட்டதால் வேறு வழி இருக்கிறது. பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தபால் ஆபீஸில் தங்கள் பெயரிலேயே ஆர்.டி. தொடங்கித் தாங்களே கையெழுத்துப் போடலாம். கார்டியனே வேண்டாம். தவணையை நீங்கள் கொடுக்கலாம், பாட்டி பேத்திக்குக் கொடுப்பதற்கு வரி கிடையாது. வட்டி மட்டும், அவள் மேஜராகும் வரை, அப்பா அம்மா ரெண்டு பேரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர்கள் வருமானத்தோடு சேரும், அதை மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கணக்கு முடியும்போது அவளுக்கு 17. அன்றைய வட்டியைப் பார்த்து நீட்டித்தால், இடையில் 18 ஆனதும் ஆதார், பான் கொடுத்து மேஜர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு அவளை நாமினியாகப் போடுவது இன்னொரு வழி. அவசரத்துக்கு எடுக்கும் உரிமை உங்களிடமே இருக்கும், அது பெரிய வசதி. ஆனால் நாமினி என்றால் பணம் அவளுக்கே சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத் தகுதி உள்ளவர், வாரிசுகளின் உரிமை தனி. உங்கள் மற்ற பிள்ளைகள் பங்கு கேட்டால் கேட்கலாம்தான். பேத்திக்குத்தான் சேர வேண்டும் என்பது உங்கள் முடிவு என்றால் ஒரு உயில் எழுதி வையுங்கள், அல்லது ஆரம்பத்திலேயே அவள் பெயரில் போடுங்கள்.

பத்துப் பதினைந்து வருஷம் தொடாமல் இருக்கட்டும் என்றால் மகளோ மருமகனோ கார்டியனாக இருந்து பேத்திக்கு பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கலாம், இப்போது 7.1 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை. மாதம் 500 வீதம் பதினைந்து வருஷத்தில் சுமார் 1,57,800. ஆர்.டி.யை விடாமல் உருட்டிக்கொண்டே போனால் அதே பதினைந்து வருஷத்தில் 1,54,774. பார்த்தீர்களா, தொகையில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. பி.பி.எஃப்.பின் பலம் வட்டியில் இல்லை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பணம் நம் கைக்கு வந்து "எடுக்கலாமா, விடலாமா" என்று யோசிக்க வைக்காமல் இருப்பதில்தான். அதன் பலவீனமும் அதுவேதான், ஏழாவது வருஷத்தில் இருந்துதான் பகுதியாக எடுக்கலாம். அதில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி.

என் யோசனை: பேத்தி பெயரில் ஆர்.டி., தவணை 500 இல்லாமல் முடிந்தால் 700 அல்லது 1,000. அவளே பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்குப் போடுகிற பெண், கண்ணில் படாத பி.பி.எஃப்.பை விட இது அவளுக்குப் புரியும். அது 17 வயதில் முடியும்போது நீட்டிப்பதா என்.எஸ்.சி.யா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.

ஏஜெண்ட், தவணை, நடுவில் முடிப்பது

ஏஜெண்ட் அம்மா வீட்டுக்கே வந்து வாங்கிப் போவது வசதிதான், ஆனால் அவர் அட்டையில் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. தபால் ஆபீஸ் முத்திரையோ பதிவோ பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று ரெண்டு மூணு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அட்டையில் இருக்கிறது, பாஸ்புக்கில் இல்லை என்றால் அந்த வாரமே தபால் ஆபீஸில் போய்க் கேட்க வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், 500-க்கு 5 ரூபாய், அது பெரிய விஷயம் இல்லை. நாலு தவணை தவறினால்தான் கணக்கு நின்றுபோகும், அதிலும் ரெண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் பணம் போகிற இடம் வேறு. மூணு வருஷத்துக்குப் பிறகு ஆர்.டி.யை நடுவில் முடிக்க அனுமதி உண்டு, ஆனால் முடிவுத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் முடித்தாலும் முழுக் காலத்துக்கும் சேமிப்புக் கணக்கு வட்டிதான், இப்போது 4 சதவீதம். 5,683 வர வேண்டிய இடத்தில் மூவாயிரம் அளவுக்குத்தான் வரும். அவசரம் என்றால் முடிக்காமல் கடன் வாங்குங்கள். பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை, ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் கூட்டிக் கொடுப்பார்கள்.

தபால் ஆபீஸுக்குப் போகும்போது பழைய பாஸ்புக், உங்கள் ஆதார், பான், பேத்தியின் ஆதாரும் பிறப்புச் சான்றிதழும், ரெண்டு பேருக்கும் போட்டோ எடுத்துப் போங்கள். பேத்தியும் வந்தாக வேண்டும், கையெழுத்து அவளுடையது. தேதியை மட்டும் யோசித்து வையுங்கள்: மாதத்தில் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் இருக்கும். உங்கள் கைக்குக் காசு எந்தத் தேதியில் வருகிறதோ அதற்குத் தோதான பக்கம் தொடங்குங்கள்.